கையெழுத்து மட்டும் ஒப்புதல் ஆகுமா?

(தொலைக்காட்சி மன்றத்தில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பல் மருந்தகத்தில் நாற்காலியில் சாய்வதற்கு முன்னால் ஒரு தாளை நீட்டுகிறார்கள். கீழே கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் படிக்காமலே போட்டுவிடுகிறோம். அதற்குப் பெயர் ஒப்புதல் என்று நோயாளியும் நினைக்கிறார், சில வேளைகளில் மருத்துவரும் நினைக்கிறார். அது சரியல்ல. ஒப்புதல் என்பது இருவரும் பேசிய பேச்சில் இருக்கிறது. அந்தப் பேச்சுக்குச் சாட்சி, மருத்துவர் தம் கையால் எழுதும் குறிப்பு. இன்று அந்தக் குறிப்பைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

குவீன்ஸ்டவுன் போன்ற பழைய பேட்டையில் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் சிறிய மருந்தகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மருத்துவர், ஓர் உதவியாளர், முகப்பில் ஒருவர். அவ்வளவுதான் ஆட்கள். பெரிய மருத்துவமனையில் விவரம் சொல்ல ஒருவர், படிவம் நிரப்ப ஒருவர் என்று இருப்பார்கள். இங்கே விளக்குவதும் எழுதுவதும் பல்லைப் பிடுங்குவதும் ஒரே ஆள். வெளியே நான்கு பேர் காத்திருக்கும்போது குறிப்பு சுருங்கிவிடும். "38 எடுக்கப்பட்டது. அபாயங்கள் விளக்கப்பட்டன. நோயாளி சம்மதம்." இப்படி ஒன்றரை வரி.

38 என்பது நோயாளியின் வயது அல்ல. வாயை நான்கு பகுதியாகப் பிரித்து எண் கொடுப்பது எங்கள் வழக்கம். 3 என்றால் இடப்பக்கக் கீழ்த்தாடை. 8 என்றால் நடுவிலிருந்து எட்டாவது பல், அதாவது ஞானப்பல். அந்த ஒன்றரை வரியில் என்ன குறை என்று காட்ட ஓர் ஆளைக் கற்பனை செய்துகொள்கிறேன்.

அவருக்கு முப்பத்து நான்கு வயது. வீடு மெய்லிங் ஸ்திரீட்டில். தொழில், லிட்டில் இந்தியாவில் உள்ள கோயிலொன்றில் நாதஸ்வரம் வாசிப்பது. இடப்பக்க ஞானப்பல் முன்பல்லை நோக்கிச் சாய்ந்து, ஈறுக்குள் பாதி புதைந்து கிடக்கிறது. மூன்று மாதத்தில் இரண்டு முறை ஈறு வீங்கி வாயைத் திறக்க முடியாமல் போயிருக்கிறது. தாடை முழுவதையும் காட்டும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறோம். கீழ்த்தாடைக்குள் ஒரு குழாய் ஓடுகிறது. கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பு அதன் வழியாகத்தான் போகிறது. அந்தக் குழாயின் வெள்ளைக் கோடு பல்லின் வேர் கடக்கும் இடத்தில் அறுந்து தெரிகிறது. வேரும் அங்கே கருத்திருக்கிறது. வேரும் நரம்பும் மிக நெருக்கமாக இருக்கக்கூடும் என்பதற்கு இவை எச்சரிக்கை அடையாளங்கள்.

கீழ் ஞானப்பல்லை அறுவை செய்து எடுக்கும்போது உதடு மரத்துப்போவது நூறு பேரில் சிலருக்கு நேரும். அவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் உணர்ச்சி திரும்பிவிடும். நிரந்தரமாகத் தங்கிவிடுவது பொதுவாக நூறில் ஒருவருக்கும் குறைவு. வேர் நரம்பை ஒட்டியிருந்தால் இந்தக் கணக்கு கூடும். அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் இதைக் கேட்டு, "பரவாயில்லை டாக்டர், எடுத்துவிடுங்கள்" என்று சொல்லக்கூடும். சீவாளியை உதட்டுக்கு இடையில் பிடித்துப் பிழைப்பவருக்கு? அவருக்கு அது உதட்டு மரப்பு அல்ல, வருமானம். எண் ஒன்றுதான், அதன் பொருள் வேறு.

சட்டமும் இங்கேதான் வந்து நிற்கிறது. 2017ஆம் ஆண்டு மே மாதம் நமது மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹீ சீ கொக் என்பவர் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. கணையத்தில் கட்டி இருக்கலாம் என்று பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு அது புற்றுநோய்க் கட்டி அல்ல என்று தெரிந்தது. அதுவரை ஒரு மருத்துவர் எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதைச் சக மருத்துவர்களின் வழக்கத்தை வைத்தே பார்த்துவந்தார்கள். அந்த நோயாளியின் நிலையில் இருப்பவருக்கு எது முக்கியம் என்றும் பார்க்கவேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. இதில் கவனிக்கவேண்டியது, வழக்குப் போட்டவர் வெல்லவில்லை. நோய் இன்னதென்று உறுதியில்லை என்பது அவருக்கு முன்பே போதிய அளவு சொல்லப்பட்டிருந்தது என்று நீதிமன்றம் கண்டது.

அதற்குப் பிறகு ஊசல் மறுபக்கம் ஆடியது. மணிக்கட்டு வலிக்கு ஊசி போட்டபோது பக்கவிளைவுகளைச் சொல்லவில்லை என்று 2019 தொடக்கத்தில் எலும்பு மருத்துவர் ஒருவருக்கு 100,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. மருத்துவர்களிடையே பெரும் கலக்கம். அதே ஆண்டு ஜூலையில் உயர்நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. பிறகு 2020இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. திருத்தம் 2022 ஜூலையில் நடப்புக்கு வந்தது. அதன்படி சக மருத்துவர்களின் கருத்து மீண்டும் அளவுகோல் ஆனது. ஆனால் அந்தக் கருத்து, நோயாளிக்கு முக்கியமான தகவல் சொல்லப்பட்டதா என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். சிங்கப்பூர் பல் மருத்துவ மன்றத்தின் நெறிமுறைகளும் ஒப்புதல் பெறுவதையும் தெளிவான குறிப்பு வைத்திருப்பதையும் எங்கள் கடமையாகச் சொல்கின்றன.

அந்த அபராதச் செய்தி வந்த நாள்களில் சில மருந்தகங்களில் படிவங்கள் மூன்று பக்கம், நான்கு பக்கம் என்று வளர்ந்தன. உலகத்தில் உள்ள அபாயமெல்லாம் அச்சாகி இருக்கும். இதனால் யாருக்கும் நன்மையில்லை. கணினியில் ஒரே வார்ப்பை எல்லாருக்கும் ஒட்டினால் அது தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். கீழ்ப்பல் எடுத்தவருடைய குறிப்பில் "சைனஸ் அறைக்குத் துளை விழலாம் என்று விளக்கப்பட்டது" என்று இருந்தால் என்ன நினைப்பீர்கள்? சைனஸ் அறை மேல்தாடையில் இருப்பது. அந்த ஒரு வரி, மீதி வரிகளையும் சந்தேகிக்க வைத்துவிடும்.

சரி, நம் நாதஸ்வரக்காரருக்கு எப்படி எழுதலாம்? நாங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவோம். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"38 சாய்ந்து புதைந்துள்ளது. 3 மாதத்தில் 2 முறை ஈறு வீக்கம். எக்ஸ்ரேயில் நரம்புக் குழாயின் மேல்கோடு அறுந்துள்ளது, வேர் கருத்துள்ளது, படம் காட்டப்பட்டது. நோயாளி நாதஸ்வரக் கலைஞர், உதட்டு உணர்ச்சி தொழிலுக்குத் தேவை என்றார். வழிகள்: எடுக்காமல் சுத்தம் செய்து கவனிப்பது, வீக்கம் திரும்ப வரலாம், பல்லின் மேல்பகுதியை மட்டும் எடுத்து வேரை விட்டுவைப்பது, நரம்புக்கு ஆபத்து குறைவு, பின்னாளில் தொற்றோ இரண்டாவது அறுவையோ வரலாம், முழுவதும் எடுப்பது, உதடு, மோவாய், நாக்கு தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ மரக்கலாம். நோயாளி கேட்டது: 'எத்தனை நாள் வாசிக்க முடியாது?' பதில்: குறைந்தது 2 வாரம், மரப்பு வந்தால் மாதக்கணக்கு. முப்பரிமாண ஸ்கேனுக்கும் ஊட்ரமில் உள்ள தேசிய பல் மருத்துவ நிலையத்திற்கு அனுப்பவும் சொல்லப்பட்டது. யோசிக்க அவகாசம் கேட்டார். இன்று சிகிச்சை இல்லை. பேச்சு தமிழில், மனைவி உடனிருந்தார்."

எழுத ஐந்து நிமிடம் பிடிக்கும். இதில் எனக்கு மிகவும் மதிப்புள்ள வரி, நோயாளி கேட்ட கேள்வி. அதை எந்த வார்ப்பும் உண்டாக்க முடியாது. உண்மையில் ஒரு பேச்சு நடந்தது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது. அடுத்தது, "இன்று சிகிச்சை இல்லை" என்ற வரி. வேண்டாம் என்பதும், பிறகு பார்க்கலாம் என்பதும் ஒரு முடிவுதான். அதை எழுதாமல் விட்டால், ஆறு மாதம் கழித்து முகம் வீங்கி வந்து, "நீங்கள் அன்றைக்கே சொல்லவில்லையே" என்று கேட்கும்போது பதில் இருக்காது.

பேச்சு எந்த மொழியில் நடந்தது என்பதையும் எழுதவேண்டும். நம் பெரியவர்கள் மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு வருவார்கள். நான் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்வேன். மகள், "பல்லை எடுக்கணுமாம் அம்மா" என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவார். அம்மா தலையாட்டுவார். அதை நான் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை. "நான் சொன்னதை நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள் அம்மா" என்று கேட்பேன். அவர் சொன்னதைத்தான் எழுதுவேன். ஒருமுறை கேட்டதில், எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை சாப்பிடுவதாக அந்த அம்மா சொன்னார். மகளுக்கே தெரியாது. அந்த வகை மாத்திரைகளில் சில, பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகச் செய்யக்கூடியவை. சென்ற முறையின் "மருந்து எதுவும் இல்லை" என்ற வரியை அப்படியே ஒட்டியிருந்தால் அது வெளியே வந்திருக்காது.

பல்லை எடுத்த நாளின் குறிப்பு வேறு வகை. எந்த மரப்பு மருந்து, எத்தனை குப்பி, ஈறு வெட்டித் திறக்கப்பட்டதா, எலும்பு எடுக்கப்பட்டதா, பல் துண்டு போடப்பட்டதா, வேர் முழுதாக வந்ததா, எத்தனை தையல் என்று வரிசையாக இருக்கவேண்டும். இதில் பணமும் இருக்கிறது. அறுவை செய்து எடுத்தால் மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தலாம், சாதாரணமாகப் பிடுங்கினால் முடியாது. ஈறு திறந்ததும் எலும்பு எடுத்ததும் குறிப்பில் இல்லாமல் அறுவை என்று கோரினால், கணக்குப் பார்க்க வருபவர்கள் கேட்பார்கள்.

எழுதியதில் தவறு இருந்தால்? அழித்துவிட்டுப் புதிதாக எழுதக்கூடாது. தாளில் என்றால் ஒரே கோடு, அடியில் உள்ளது படிக்கும்படி. பக்கத்தில் தேதியும் சுருக்கொப்பமும். மறந்த விவரத்தை இரண்டு நாள் கழித்துச் சேர்த்தால் சேர்த்த நாளின் தேதியைத்தான் போடவேண்டும். கணினியில் யார் எப்போது மாற்றினார் என்பது பெரும்பாலும் தானாகப் பதிவாகிவிடும். புகார்க் கடிதம் வந்த மறுநாள் குறிப்பு வளர்ந்திருந்தால், உண்மையையே எழுதியிருந்தாலும் நம்ப ஆள் இருக்காது.

அரங்கில் ஒரு நேயர் கேட்டார்: "டாக்டர், என்னைப் பற்றி எழுதியதை நான் கேட்டு வாங்கலாமா?" தாராளமாகக் கேளுங்கள். தகவலின் நகலைக் கட்டணம் வாங்கிக்கொண்டு தருவது வழக்கம். ஆனால் அதற்கு முன்பு, கையெழுத்துப் போடுகிற அன்றே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா? பிறகு, நான் கேட்டதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். உங்கள் தொழிலையும் சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்திருந்தாலும்.