15-க்கும் 19-க்கும் நடுவே ஒரு பதில்

சென்னை மென்பொருள் வேலைச் சந்தையில் ரெக்ரூட்டரின் முதல் அழைப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் போவது அரிது. எத்தனை வருட அனுபவம், இப்போதைய சி.டி.சி. என்ன, எதிர்பார்ப்பது என்ன, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், எந்த ஊர் என்று கேள்விகள் வரிசையாக வரும். அவர் முன்னால் திறந்திருக்கும் எக்ஸெல் தாளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டங்களை நிரப்பத்தான் அவர் கேட்கிறார். சம்பளக் கட்டத்தில் விழும் எண் நிறுவனத்தின் பட்ஜெட்டிலிருந்து வெகுதூரம் தள்ளியிருந்தால் பேச்சு அங்கேயே தொய்ந்துவிடும். அதற்குப் பிறகு விண்ணப்பதாரர் அனுப்பும் நாலைந்து வரிப் பதிலில்தான் அந்தத் தொடர்பு நீடிப்பதும் அறுவதும் இருக்கிறது.

பதில் எழுதுவதற்கு முன் இடைவெளி உண்மையில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சி.டி.சி. என்ற எண் வெளியே தெரிவதைவிட உள்ளே சிறியது. சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும், ஏழு வருட அனுபவமுள்ள ஒரு டெஸ்டிங் பொறியாளரை எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு இப்போது ஆண்டுக்கு 14 லட்சம். வேரியபிள் எதுவும் இல்லை. ஒரு கன்சல்டன்சியிலிருந்து அழைத்தவர், வாடிக்கையாளர் நிறுவனத்தின் பட்ஜெட் 15 லட்சம் என்கிறார், அதில் பத்து சதவீதம் வேரியபிள். கேட்டதும் ஒரு லட்சம் கூடுதல் போலத்தான் தோன்றும்.

கணக்குப் போட்டால் வேறு விதமாக வருகிறது. 15 லட்சத்தில் வேரியபிளுக்கு 1,50,000 போய்விடும். நிறுவனம் கட்டும் பி.எஃப்., பல நிறுவனங்கள் செய்வதுபோல் மாதம் 1,800 என்று வைத்தால், ஆண்டுக்கு 21,600. பேசிக் நாற்பது சதவீதம் என்றால் அதில் 4.81 சதவீதமான கிராஜுவிட்டிக்கு ஏறக்குறைய 29,000. மூன்றும் போக ஏறத்தாழ 13 லட்சம் மிஞ்சுகிறது. அதாவது வரிப் பிடித்தத்துக்கு முன் மாதம் 1,08,000 சுமார். அதே அளவுகோலில் இப்போதைய 14 லட்சத்தைப் பிரித்தால் மாதம் 1,12,000-க்குச் சற்று மேல். ஆக, ஒரு லட்சம் கூடுதல் என்று வந்த வாய்ப்பில் மாதம் நாலாயிரம் குறைகிறது. வேரியபிள் முழுதாக வந்தால் நிலைமை மாறும். ஆனால் அது நிறுவனத்தின் லாபத்தையும் மேலாளரின் மதிப்பீட்டையும் பொறுத்தது. வீட்டு வாடகைக்கு அதை நம்பி உட்கார முடியாது.

இந்தப் பொறியாளர் எதிர்பார்ப்பது ஃபிக்ஸட் 19 லட்சம். நிறுவனம் தரக்கூடிய ஃபிக்ஸட் 13-இலிருந்து 13.5 வரை. இது பேரம் பேசிக் குறைக்கும் இடைவெளி அல்ல. பத்து, பதினைந்து சதவீத வித்தியாசம் என்றால் மேலாளரிடம் ஒரு சிறப்பு அனுமதி வாங்கி ரெக்ரூட்டரால் சரிக்கட்ட முடியும். அதற்கு மேல் போனால் பதவியின் நிலையே மாற வேண்டும். அவர் கையில் இருப்பது அந்த நிலைக்கான இடம் அல்ல. இது தெரிந்துவிட்டால் பதிலில் வாதம் இருக்கத் தேவையில்லை. ஏன் 19 கேட்கிறேன் என்பதற்கு வீட்டுக்கடன், குழந்தையின் பள்ளிக் கட்டணம், நண்பருக்குக் கிடைத்த ஹைக் என்று காரணம் அடுக்குபவர்கள் உண்டு. ரெக்ரூட்டரால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. அவர் படிக்கும் பத்தி மட்டும் நீளும்.

பதில் இப்படி இருக்கலாம். நடைமுறையில் இதை ஆங்கிலத்தில்தான் அனுப்புவார்கள் என்றாலும் வடிவம் ஒன்றே:

"வணக்கம் மேடம். அழைத்து விவரமாகச் சொன்னதற்கு நன்றி. வேலையின் தன்மை எனக்குப் பிடித்திருந்தது. நான் எதிர்பார்ப்பது ஆண்டுக்கு ஃபிக்ஸட் 19 லட்சம். உங்கள் பட்ஜெட்டுக்கும் அதற்கும் தூரம் அதிகம் என்பதால் இந்த இடத்துக்கு என் ரெஸ்யூமேயை அனுப்ப வேண்டாம். லீட் நிலையில் இந்தத் தொகையை ஒட்டி ஏதாவது வந்தால் அவசியம் கூப்பிடுங்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு இது பொருந்தும் என்று தோன்றுகிறது. அவரிடம் கேட்டுவிட்டு நாளைக்குள் சொல்கிறேன்."

முதல் வரியில் நன்றியோடு ஒரு குறிப்பான சொல்லும் இருக்கிறது: வேலை பிடித்திருந்தது. ஒத்துப்போகாதது தொகை மட்டுமே என்பதை அது சொல்லாமல் சொல்கிறது. பிடிக்காத வேலை என்றால் அந்த வார்த்தையை எழுதக் கூடாது. எழுதினால் நாளை அதே போன்ற இடத்துக்கே மறுபடியும் அழைப்பு வரும். அடுத்த வரியில் எண் வெளிப்படையாக நிற்கிறது. "நல்ல ஹைக் வேண்டும்", "சந்தை நிலவரப்படி" என்பவற்றைத் தாளில் ஏற்ற முடியாது. ஃபிக்ஸட் என்ற சொல்லும் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் அடுத்த முறை 19 லட்சம் சி.டி.சி. என்று ஒரு வாய்ப்பு வரும். பிரித்துப் பார்த்தால் உள்ளே பதினாறரைதான் இருக்கும்.

பலரும் விட்டுவிடுவது "ரெஸ்யூமேயை அனுப்ப வேண்டாம்" என்ற வரியை. கன்சல்டன்சிகளின் தொழிலைப் புரிந்துகொண்டால் அதன் முக்கியத்துவம் விளங்கும். ஆள் வேலையில் சேர்ந்தால் நிறுவனம் கன்சல்டன்சிக்கு ஒரு கட்டணம் தருகிறது. இந்தியாவில் பரவலாகப் புழங்கும் விகிதம் 8.33 சதவீதம், அதாவது ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஒரு மாதச் சம்பளம். ஒருவரை முதலில் அனுப்பியது யார் என்பதை வைத்தே இந்தக் கட்டணம் யாருக்கு என்று முடிவாகும். அதனால் ஒரு ரெஸ்யூமே நிறுவனத்தின் கணினிக்குள் போனதும் அனுப்பிய கன்சல்டன்சியின் பெயர் அதோடு ஒட்டிக்கொள்ளும், சில மாதங்களுக்கு அது நீங்காது. "சரி, போட்டுப் பாருங்க மேடம், அப்புறம் பேசிக்கலாம்" என்று வாய்தவறிச் சொன்னால் 15 லட்சத்துக்கான விண்ணப்பமாக அது பதிவாகிவிடும். அடுத்த மாதம் அதே நிறுவனத்தில் 20 லட்சத்துக்கு ஒரு லீட் இடம் திறந்து, நண்பர் ஒருவர் உள்ளிருந்து பரிந்துரைத்தாலும், 'ஏற்கெனவே இருக்கிறது' என்று கணினி திருப்பிவிடக்கூடும். நண்பருக்கு வரவேண்டிய ரெஃபரல் தொகையும் போய்விடும்.

அதே "அப்புறம் பேசிக்கலாம்" இன்னொரு விதத்திலும் உறவைக் கெடுக்கும். குறைந்த தொகைக்குத் தலையாட்டிவிட்டு, மூன்று சுற்று நேர்காணல் முடிந்து ஆஃபர் வரும் நேரத்தில் 19 கேட்கலாம் என்பது சிலருடைய கணக்கு. அதற்குள் மேலாளர் மற்றவர்களை அனுப்பிவிட்டிருப்பார்; ரெக்ரூட்டர் அந்த இடம் நிரம்பியது என்று மேலே சொல்லியிருப்பார். கடைசி நேரத்தில் எண் மாறினால் பழி ரெக்ரூட்டர் தலையில் விழும். அவர் குறிப்பில் ஒருமுறை ஏறிய பெயர் மறுபடி கூப்பிடும் பட்டியலுக்கு வருவது கடினம். இப்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்வதும் இதே வகைதான். கடைசி மூன்று மாத பே ஸ்லிப் கேட்பது வழக்கம் என்பதால் அது வெளியே வராமல் இருக்காது.

நண்பரைச் சொல்லும் வரி விருப்பமானது. ஆனால் ரெக்ரூட்டருக்கு உடனே பயன்படுவது அதுதான். அவர் நிரப்ப வேண்டிய இடம் அன்றும் காலியாகத்தான் இருக்கிறது. ஐந்து வருட அனுபவத்தோடு 10 லட்சம் வாங்குபவருக்கு அதே 15 பெரிய ஏற்றம். கேட்காமல் நண்பரின் எண்ணைக் கொடுப்பது மட்டும் தவறு. அவர் தன் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் காதுபட அந்த அழைப்பை எடுக்க நேரிடும். சொன்னபடி மறுநாள் பதில் போகாவிட்டால் அந்த வரியை எழுதாமலே இருந்திருக்கலாம்.

அழைத்தவர் கன்சல்டன்சியைச் சேர்ந்தவர் அல்ல, நிறுவனத்தின் சொந்த ரெக்ரூட்டர் என்றால் சில வார்த்தைகள் மாறும். அவரிடம் ஒரே நிறுவனத்தின் இடங்கள்தான் இருக்கும், ஒவ்வொரு நிலைக்கும் சம்பள வரம்பு எழுதியே இருக்கும். அதனால் தொகையைவிட நிலையைச் சொல்வது பலன் தரும்: "இந்த அனுபவத்துக்கு உங்கள் நிறுவனத்தில் அடுத்த நிலையில் இடம் திறந்தால் பார்க்க விருப்பம்." கன்சல்டன்சிக்காரரிடம் பத்து நிறுவனங்கள் இருக்கும்; அவருக்கு எண்தான் சாவி.

பதில் போன பிறகு பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடக்கும். எதுவும் வராமல் போகலாம். அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை, ஒரு நாளில் அவர் பேசுபவர்கள் ஏராளம். "எவ்வளவு இறங்குவீங்க?" என்று வரலாம். இறங்க இடமிருந்தால் ஒரே ஒரு எண்ணைச் சொல்லலாம்: "ஃபிக்ஸட் 18 வரை பார்க்கலாம் மேடம், அதற்குக் கீழே சிரமம்." 19, 18, 17 என்று படிப்படியாக இறங்கினால் முதலில் சொன்ன எண்ணுக்கு மதிப்பில்லை என்று ஆகிவிடும். மூன்றாவதாக, "கேட்டுப் பார்க்கிறேன்" என்பார். ஆள் கிடைக்காமல் இரண்டு மாதம் இடம் காலியாகவே இருந்தால் நிறுவனங்கள் பட்ஜெட்டைத் திருத்துவதும் உண்டு என்பதால் இது வெறும் சமாளிப்பு என்று சொல்லிவிட முடியாது.

நாள்கள் போகப் போகத் தாளில் இருக்கும் எண் பழையதாகும். ஏப்ரலில் சம்பள உயர்வு வந்து இந்தப் பொறியாளரின் 14 லட்சம் 15.5 ஆனால், ரெக்ரூட்டர் பழைய எண்ணை வைத்தே தேடிக்கொண்டிருப்பார். அவராகக் கேட்கும்வரை காத்திருக்காமல் இரண்டு வரி போதும்: "வணக்கம் மேடம், ஜனவரியில் பேசியிருந்தோம். இப்போதைய சி.டி.சி. 15.5, எதிர்பார்ப்பு ஃபிக்ஸட் 20, நோட்டீஸ் 60 நாள்."