தொண்ணூறு நாள் கடன் கேட்கிறார்கள்: பதில் மெயில் எப்படி எழுதுவது?

கோவை கணபதியிலோ பீளமேட்டிலோ மோட்டார் ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் சிறிய பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். புதிதாக ஒரு பெரிய நிறுவனம் விலை கேட்கிறது. பட்டறைக்காரர் கொட்டேஷன் அனுப்புகிறார்: பீஸ் 400 ரூபாய், 2,500 பீஸ், பில் தேதியிலிருந்து 30 நாளில் பணம். பர்ச்சேஸ் மேனேஜரிடமிருந்து பதில் வருகிறது: "விலையில் 3 சதவீதம் குறையுங்கள், பேமெண்ட் 90 நாள். மற்றபடி ஓகே."

கேட்க இது சின்ன மாற்றம் போலத்தான் இருக்கும். ஆர்டரை விட்டுவிடக் கூடாது என்ற பதற்றத்தில் பலர் உடனே "சரிங்க சார்" என்று பதில் போட்டுவிடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு தாளில் கணக்குப் போட வேண்டும்.

மொத்த ஆர்டர் 10 லட்சம். பீஸுக்கு அடக்கம் 352 ரூபாய் என்றால் லாபம் 48 ரூபாய், மொத்தத்தில் 1,20,000. விலையில் 3 சதவீதம் குறைத்தால் 30,000 போகிறது. அடுத்தது கடன் நாட்கள். பட்டறையின் ஓ.டி. கணக்குக்கு வங்கி ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடுதலான 60 நாளுக்கு அது 2 சதவீதம். இதைப் பொருளின் விலைக்கு மட்டும் போட்டால் கணக்கு தப்பும், 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேர்த்த பில் தொகைக்குப் போட வேண்டும். வாங்கியவர் பணம் தந்தாலும் தராவிட்டாலும், மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் வரியைக் கட்டியாக வேண்டுமே. இப்படிப் பார்த்தால் வட்டி ஏறத்தாழ 23,000. இரண்டும் சேர்ந்து 53,000. ஒரு லட்சத்து இருபதாயிரம் லாபம் 67,000-க்கு இறங்கிவிடுகிறது. "3 சதவீதம்தானே" என்று தோன்றிய கோரிக்கை லாபத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தின்றுவிடுகிறது.

கணக்கு கையில் இருந்தால் மெயிலின் தொனியும் தானாக மாறும். மன்னிப்புக் கேட்கும் வாக்கியங்கள் அதில் வேண்டியதில்லை, விறைப்பும் வேண்டியதில்லை. கேட்டதை மறுக்காமல், ஒவ்வொன்றுக்கும் என்ன விலை என்று சொல்லிவிட்டால் போதும். பர்ச்சேஸ் மேனேஜருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டிய ஒருவர் இருக்கிறார். நம் மெயில் அப்படியே கணக்குப் பிரிவுக்கு ஃபார்வர்டு ஆகும். அங்கே படிப்பவருக்கும் விளங்கும்படி அது இருக்க வேண்டும்.

மெயில் இப்படிப் போகலாம்:

"வணக்கம் சார். எங்கள் கொட்டேஷனைப் பார்த்து, வேண்டிய மாற்றங்களைத் தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. உங்களுக்கு சப்ளை செய்ய மிகவும் விரும்புகிறோம்.

400 ரூபாய் என்பது 30 நாளில் பணம் வரும் என்ற கணக்கில் போட்ட விலை. நாள் கூடினால் வங்கி வட்டியும் கூடுவதால், கீழே உள்ள மூன்றில் உங்களுக்கு வசதியானதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒன்று: 2,500 பீஸ், 30 நாள், பீஸ் 400 ரூபாய்.
இரண்டு: 2,500 பீஸ், 45 நாள், பீஸ் 403 ரூபாய்.
மூன்று: 5,000 பீஸ் ஒரே ஆர்டராக, ஒரே தவணையில் எடுத்துக்கொண்டால், 30 நாள், பீஸ் 396 ரூபாய்.

ஒவ்வொரு வழியிலும் விலை, அளவு, நாள் மூன்றும் சேர்ந்தவை. நாங்கள் உத்யம் பதிவு பெற்ற சிறு நிறுவனம் என்பதால் 45 நாளுக்கு மேல் போக இயலவில்லை. உங்கள் வருமான வரிக் கணக்குக்கும் அதுவே வசதி. 90 நாள் அவசியம் என்றால், பில்லை ட்ரெட்ஸ் தளத்தில் ஏற்று, டிஸ்கவுண்ட் செலவை நீங்கள் பார்த்துக்கொள்ளும்படி செய்யலாம். இந்த விலைகள் 15 நாளுக்குச் செல்லும்."

இரண்டாவது வழியில் கூடிய 3 ரூபாய், 15 நாள் வட்டிக்கானது. மூன்றாவது வழியில் குறைந்த 4 ரூபாய் நம் பையிலிருந்து போகவில்லை. மிஷின் செட்டிங்குக்கும் டூலிங்குக்கும் ஒரு ஓட்டத்துக்கு 25,000 ஆகிறது என்றால், 2,500 பீஸில் பீஸுக்கு 10 ரூபாய், 5,000 பீஸில் 5 ரூபாய். மிச்சமாகும் 5 ரூபாயில் 4-ஐ விட்டுக்கொடுக்கிறோம். குறைக்க ஒரு காரணம் இருக்கும்போது மட்டும் குறைப்பதுதான் இதன் சாரம். காரணமே இல்லாமல் குறைத்தால், முதலில் சொன்ன விலை கூட்டிச் சொன்னது என்று வாங்குபவர் எண்ணிக்கொள்வார். அடுத்த ஆர்டரிலும் கேட்பார்.

"மூன்றும் சேர்ந்தவை" என்ற வரியை விட்டுவிடவே கூடாது. அது இல்லாவிட்டால் "396 ஓகே, 45 நாள் ஓகே, முதலில் 2,500 அனுப்புங்கள்" என்று ஒவ்வொன்றிலிருந்தும் நல்லதை மட்டும் பொறுக்கிய பதில் வரும்.

45 நாள் என்பது எங்கிருந்து வந்தது? 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டுச் சட்டத்திலிருந்து. குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் எழுத்தில் என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும், சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். 2023-இல் வந்த வருமான வரித் திருத்தம் இதை இன்னும் இறுக்கியது: கெடு தாண்டியும் நிதியாண்டு முடிவில் நிலுவையில் இருக்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாக வாங்கியவர் கழித்துக்கொள்ள முடியாது, பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். இந்தப் பாதுகாப்பு வெறும் வியாபாரிகளுக்கும் நடுத்தர நிறுவனங்களுக்கும் கிடையாது. சட்டப் பிரிவையும் வட்டி விகிதத்தையும் முதல் மெயிலிலேயே அடுக்கினால் மிரட்டல் போலாகும். இன்னும் ஆர்டர் தராத ஒருவர் அதைப் படித்துவிட்டு உத்யம் பதிவில்லாத பட்டறையைத் தேடிப் போகலாம். அதனால்தான் மெயிலில் அதற்கு இரண்டே வரி.

ட்ரெட்ஸ் என்பது ரிசர்வ் வங்கி அனுமதித்த பில் டிஸ்கவுண்ட் தளம். வாங்கியவர் பில்லை அதில் ஏற்றுக்கொண்டதும் வங்கிகள் ஏலம் கேட்கும். பட்டறைக்கு ஓரிரு நாளில் பணம் வந்துவிடும், வாங்கியவர் கெடு நாளில் வங்கிக்குக் கட்டுவார். அவர் கட்டத் தவறினாலும் வங்கி நம்மிடம் திருப்பிக் கேட்காது. வாங்கும் நிறுவனத்தின் பெயரைப் பார்த்து வட்டி போடுவதால் நம் ஓ.டி.யைவிட அது பெரும்பாலும் குறைவு. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் இதில் சேர்ந்தாக வேண்டும் என்று 2024-இல் அரசு அறிவித்ததால், பெரிய நிறுவனத்திடம் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம். டிஸ்கவுண்ட் செலவு யாருடையது என்பதை மட்டும் முதலிலேயே எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் அது நம் தலையில்தான் விழும்.

மெயிலில் எல்லாம் ஒத்துக்கொண்ட பிறகு பர்ச்சேஸ் ஆர்டர் வரும். விலைக் கட்டத்தில் 403 என்று சரியாக இருக்கும், பின்பக்கத்து அச்சடித்த நிபந்தனைகளில் "ஜி.ஆர்.என். தேதியிலிருந்து 90 நாள்" என்று கிடக்கும். ஜி.ஆர்.என். என்பது அவர்கள் ஸ்டோரில் சரக்கைச் சரிபார்த்து வரவு வைக்கும் ரசீது. அது பில் தேதிக்குப் பத்து நாள் கழித்தும் போடப்படலாம். ஒப்பந்தச் சட்டப்படி, மாறிய நிபந்தனையோடு வரும் ஆர்டர் ஒரு புதிய முன்மொழிவு. அதைப் பார்த்தும் பேசாமல் சரக்கை ஏற்றிவிட்டால், அந்த நிபந்தனைகளை ஏற்றதாகவே வாதிடுவார்கள். லாரி கிளம்புவதற்கு முன்பே ஒரு வரி அனுப்பிவிட வேண்டும்: "ஆர்டருக்கு நன்றி சார். பேமெண்ட் நிபந்தனையை, நாம் மெயிலில் பேசியபடி சரக்கு பெற்றதிலிருந்து 45 நாள் என்று திருத்தி அனுப்பினால் உடனே உற்பத்தியைத் தொடங்கிவிடுகிறோம்."