கழுத்துக் குழாய்ப் பதிவு, கேள்விப் பட்டியலாக

“வலது கழுத்துச் சிரையில் மூன்று வழிக் குழாய் போடப்பட்டது, சிக்கல் இல்லை” என்ற பதிவில் இடம் மட்டுமே உறுதி, மற்றவை ஊகம். பட்டியலில் அதே வரி ஆம், இல்லை என்று பதில் கேட்கும். குளோர்ஹெக்சிடின் தடவிய தோல் முழுதும் உலர்ந்ததா? ஊசி நுழைந்தது தமனியில் அல்ல, சிரையில்தான் என்பது உறுதியானதா? வழிகாட்டிக் கம்பி முழுதாக வெளியே வந்ததை இன்னொருவரும் பார்த்தாரா? கம்பி உள்ளேயே தங்கிவிடுவது அரிதுதான், ஆனாலும் நேர்கிறது. அதனால் அதற்குத் தனி வரி வேண்டும். குழாய் முனையின் இடமும், நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்ததா என்பதும் எக்ஸ்ரேக்கு உரியவை. தோலருகே குழாயில் தெரியும் அளவு 15 சென்டிமீட்டர் என எழுதியிருந்தால், மறுநாள் 12 தெரியும்போது குழாய் வெளியே நழுவியது புலப்படும். தினசரிப் பகுதியின் முதல் கேள்வி, குழாய் இன்றும் தேவையா என்பதே. கட்டின் ஈரமும் தோலின் சிவப்பும் அதற்கு அடுத்தவை.