பெரிய எழுத்து, எளிய பட்டி: முதியவருக்கு ஏற்ற வலைத்தளத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒரு வலைத்தளம் முதியவருக்கு ஏற்றதா என்பதை அதன் முகப்பைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. முகப்பு பெரும்பாலும் பளிச்சென்று இருக்கும். அவர் நேரம் செலவிடப்போவது உள்ளே இருக்கும் கட்டுரையிலோ கதையிலோதான். அந்தப் பக்கம் எழுத்தைப் பெரிதாக்கியதும் எப்படி நடந்துகொள்கிறது என்பதே உண்மையான சோதனை. அதைப் படிக்கப்போகிறவரின் செல்பேசியிலேயே, அவர் வழக்கமாக வைத்திருக்கும் எழுத்தளவிலேயே செய்ய வேண்டும். பேரனின் செல்பேசியில் நன்றாகத் தெரிந்த தளம் தாத்தாவின் செல்பேசியில் குலைந்து போவது மிகச் சாதாரணம்.

வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை இறுகி மஞ்சள் நிறம் ஏறுகிறது. விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சமும் குறைகிறது. ஆகவே எழுத்து பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, பின்னணியிலிருந்து தெளிவாகப் பிரிந்தும் தெரிய வேண்டும். வலைத்தளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான உலகளாவிய வழிகாட்டுதலான WCAG, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது. இதை அளக்கக் கருவி தேவையில்லை. திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு பக்கத்தைப் படித்துப் பார்க்கலாம். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து போட்டிருக்கும் தளம் அங்கேயே தோற்றுவிடும்.

தமிழில் இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. மெல்லிய எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி மங்கிப்போய் ‘க்’ என்பது ‘க’ போலத் தெரியும். வரிகளுக்கு நடுவே போதிய இடைவெளி விடாத தளங்களில் எழுத்தைப் பெரிதாக்கினால் ‘கீ’, ‘தீ’ போன்றவற்றின் மேல்சுழி மேல்வரியோடு முட்டும், சில நேரம் வெட்டுப்பட்டும் போகும். ஒரு பத்தியை உரக்கப் படிக்கச் சொன்னால் போதும். எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்பது உடனே தெரிந்துவிடும்.

எழுத்தைப் பெரிதாக்குவதில் இரண்டு வகை இருப்பதை அறிந்துகொள்வது அவசியம். ஒன்றில் எழுத்து பெரிதாகும்போது வரிகள் தாமாகவே மடங்கித் திரையின் அகலத்துக்குள் அடங்கும். மற்றதில் பக்கம் முழுவதும் ஒரு படம்போலப் பெரிதாகி வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். இரண்டாவது வகையில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை வலப்பக்கம் தள்ளி, மறுபடி இடப்பக்கம் இழுத்து, அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேட வேண்டும். நல்ல பார்வை உள்ளவரையும் இது பத்து நிமிடத்தில் களைப்படைய வைக்கும். எழுத்தை இரண்டு மடங்கு ஆக்கினாலும் எந்த உள்ளடக்கமும் மறையாமல், எந்த வசதியும் கெடாமல் இருக்க வேண்டும் என்பது அதே வழிகாட்டுதலின் நியதி.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலை மறுபடி படிக்க விரும்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அச்சுப் புத்தகத்தை ஒளிவருடி ஏற்றிய பி.டி.எஃப். கோப்பு எளிதில் கிடைக்கும். ஆனால் அதில் இருப்பது பக்கத்தின் படம். பெரிதாக்கினால் வரி மடங்காது, பழைய தாளின் கறையும் சேர்ந்து பெரிதாகும். அதே நாவல் தமிழ் விக்கிமூலத்தில் அத்தியாயம் அத்தியாயமாகத் தட்டச்சு வடிவில் இருக்கிறது. அங்கே எழுத்தைக் கூட்டினால் வரிகள் மடங்கிக்கொள்ளும், வணிக விளம்பரம் கிடையாது. அவ்வப்போது நன்கொடை கேட்கும் பட்டை ஒன்று தோன்றுவதுண்டு, அதை மூடிவிடலாம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் இந்த நாவல் இருக்கிறது. அதில் பி.டி.எஃப்., வலைப்பக்கம் என்ற இரு வடிவங்கள் கிடைக்குமிடத்தில் வலைப்பக்கத்தையே திறப்பது நல்லது. செல்பேசிகள் பரவுவதற்கு முன் எழுதப்பட்ட எளிய வலைப்பக்கங்கள் சிறிய திரையில் பொடி எழுத்தாகச் சுருங்கித் தெரியக்கூடும். ஃபயர்பாக்ஸ், சஃபாரி போன்ற உலாவிகளில் உள்ள வாசிப்பு முறையை இயக்கினால் பெரும்பாலும் இது சரியாகும். எழுத்தை மிகவும் பெரிதாக்க வேண்டியவருக்குச் செல்பேசியைவிடப் பத்து அங்குல டேப்லட் பொருத்தமானது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. சிறிய திரையில் ஒரு வரிக்கு இரண்டே சொற்கள் விழுந்தால் வாசிப்பு ஓடாது.

சில தளங்கள் இரு விரலால் விரித்துப் பெரிதாக்குவதையே தடுத்து வைத்திருக்கின்றன. ஆண்ட்ராய்டு குரோம் உலாவியின் அமைப்புகளில் Accessibility என்ற பிரிவுக்குள் Force enable zoom என்பதை இயக்கினால் இந்தத் தடை நீங்கும். அப்படியும் வரி மடங்காவிட்டால் வேறு தளத்தைத் தேடுவதே நல்லது.

பட்டிகளைப் பொறுத்தவரை ஒரு கேள்வி போதும்: உள்பக்கத்திலிருந்து வந்த இடத்துக்குத் திரும்ப அவருக்கு யாருடைய உதவியாவது தேவைப்படுகிறதா? மூன்று கோடுகளுக்குள் ஒளித்து வைத்த பட்டியைப் பல முதியவர்கள் தொடுவதே இல்லை, அது ஒரு பட்டி என்பது தெரியாததால். ‘முகப்பு’, ‘கதைகள்’ என்று சொல்லாகவே எழுதியிருக்கும் தளம் மேல். எந்த இணைப்பைத் தொட்டாலும் அதைப் புதிய தாவலில் திறக்கும் தளங்களில் பின்செல்லும் பொத்தான் வேலை செய்யாததுபோலத் தோன்றும். செல்பேசி கெட்டுவிட்டதென்றே அவர் நினைத்துவிடுவார்.

திடீரெனக் குறுக்கே வரும் பெட்டிகளைச் சோதிப்பதில்தான் குடும்பத்தினர் அதிகம் ஏமாறுகிறார்கள். ஏற்கெனவே அந்தத் தளத்துக்குப் போய்வந்தவரின் செல்பேசியில் பல பெட்டிகள் மறுபடி வராது. விளம்பரத் தடுப்பான் இருந்தால் இன்னும் பல வராமல் போகலாம். எனவே முதியவரின் செல்பேசியில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, ஒரு கட்டுரையை மெதுவாகக் கடைசிவரை படிக்க வேண்டும். சில பெட்டிகள் பக்கம் திறந்த சில நொடிகளுக்குப் பின்னரும், சில பாதிவரை உருட்டிய பிறகும்தான் வரும். வந்த பெட்டியை மூடும் பெருக்கல் குறி விரல் நுனிக்கு அடங்குகிறதா, அதைத் தொடும்போது விரல் விளம்பரத்தின் மேல் படுகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். பொத்தான்கள் குறைந்தது 24 படவலகு அகலமும் உயரமும் இருக்க வேண்டும் என்பது WCAG 2.2-இன் விதி. நடுங்கும் விரலுக்கு அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் நல்லது.

அறிவிப்புகளை அனுப்பலாமா என்று கேட்கும் பெட்டி தனிக் கவனத்துக்குரியது. அதில் ‘அனுமதி’ என்பதைத் தொட்டுவிட்டால் தளத்தை மூடிய பிறகும் செய்திகள் வந்துகொண்டே இருக்கும். மோசமான தளங்கள் ‘உங்கள் செல்பேசியில் வைரஸ்’ என்ற பொய் எச்சரிக்கைகளை இந்த வழியாகவே அனுப்புகின்றன. குரோம் அமைப்புகளில் Site settings, அதற்குள் Notifications என்ற இடத்துக்குப் போய் முழுவதுமாக அணைத்துவிட்டால், எந்தத் தளமும் இந்தக் கேள்வியைக் கேட்காது.

சோதனையில் தேறிய இரண்டு மூன்று தளங்களை Add to Home screen மூலம் முகப்புத் திரையில் வைத்துக் கொடுப்பது கடைசி வேலை. அப்படி வைத்தால் அவர் தேடுபொறி வழியாகப் போக வேண்டியதில்லை, தேடல் முடிவுகளின் உச்சியில் வரும் விளம்பர இணைப்புகளில் தவறிப்போய் விழவும் மாட்டார். தளங்கள் தங்கள் வடிவத்தை அடிக்கடி மாற்றிக்கொள்வதால், சில மாதங்களுக்கு ஒருமுறை இதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். வழக்கமாகப் படித்த ஒரு தளத்தைப் பெரியவர் திடீரென்று திறக்காமல் விட்டுவிட்டால், முதலில் பார்க்க வேண்டியது அதன் வடிவம் மாறியிருக்கிறதா என்பதைத்தான்.