ஒரு கிளாஸ் ஒயினுக்கே தலைவலி, மூக்கடைப்பு: உண்மையிலேயே சல்ஃபைட்தான் காரணமா?

தி.நகரில் ஒரு ஹோட்டலில் நான்கு நண்பர்கள் ஒரே பாட்டில் ரெட் ஒயினைப் பகிர்ந்து குடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேருக்கு எதுவும் ஆகவில்லை. நான்காவது நபருக்கு மட்டும் இருபது நிமிடத்தில் மூக்கு அடைத்துக்கொள்கிறது. ஒரு மணி நேரத்தில் தலை விண் விண் என்று வலிக்கிறது. "எனக்கு சல்ஃபைட் ஒத்துக்காதுப்பா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த முறை பீருக்கு மாறிவிடுகிறார்.

இப்படி சல்ஃபைட் மீது பழி போடுபவர்கள் ஏராளம். ஆனால் பெரும்பாலான நேரங்களில் குற்றவாளி அது இல்லை. அதைவிட முக்கியம், சிலருக்கு இந்த மூக்கடைப்பு வேறொரு நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

சல்ஃபைட் என்றால் என்ன?

ஒயின் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கப்படும் கந்தகச் சேர்மம்தான் சல்ஃபைட். லேபிளில் இது ஐஎன்எஸ் 220 அல்லது 224 என்ற எண்ணாகவும் இருக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, உணவில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் சல்ஃபைட் இருந்தால் ஒவ்வாமை எச்சரிக்கை இடம்பெற வேண்டும். பாட்டிலில் இந்த எச்சரிக்கையைப் பார்த்ததும் பலரும் தலைவலிக்கு இதுதான் காரணம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 100 மில்லிகிராம் சல்ஃபைட் உள்ள ஒயினை ஒரு கிளாஸ், அதாவது 150 மில்லி குடித்தால் உடலுக்குள் போவது 15 மில்லிகிராம். பாயசத்தில் போடும் மஞ்சள் நிற உலர் திராட்சையின் நிறம் மாறாமல் இருப்பதற்கும் இதே சல்ஃபைட்தான் உதவுகிறது. உலர் திராட்சைக்கு ஐரோப்பிய விதிகள் கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் வரை அனுமதிக்கின்றன. அதில் பாதி அளவு இருந்தால்கூட, 30 கிராம் திராட்சையில் 30 மில்லிகிராம் வந்துவிடும். இது ஒயின் கிளாஸைப் போல இரண்டு மடங்கு.

பாயசம் சாப்பிட்டுத் தலைவலி வராதவருக்கு ஒயினால் வரும் தலைவலிக்கு சல்ஃபைட்டைக் காரணம் சொல்வது கடினம். இன்னொன்று, பொதுவாக ரெட் ஒயினைவிட வெள்ளை ஒயினில்தான் சல்ஃபைட் அதிகம். ஆனால் தலைவலி என்று புகார் வருவது ரெட் ஒயினுக்குத்தான்.

அதற்காக சல்ஃபைட் எல்லோருக்கும் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு இது உண்மையிலேயே ஆபத்து. ஒயினின் புளிப்பில் சல்ஃபைட் வாயுவாக மாறி மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். அவர்களுக்கு வருவது தலைவலி அல்ல. இளைப்பும் நெஞ்சு இறுக்கமும்தான். இவர்கள் திராட்சையைத் தின்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்கக் கூடாது.

அப்படியென்றால் ஹிஸ்டமினா?

மீன் சாப்பிடுபவர்களுக்கு ஹிஸ்டமினைப் புரிந்துகொள்வது எளிது. ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்த சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மீன்களில் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரிக்கும்.

ஒயினிலும் நொதித்தலின்போது பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினை உருவாக்குகின்றன. பொதுவாக வெள்ளை ஒயினைவிட ரெட் ஒயினில் இது அதிகம். ஆனாலும் ஒரு கிளாஸில் பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் இருக்கும். மீனுக்கான சர்வதேச உச்சவரம்பு கிலோவுக்கு 200 மில்லிகிராம். அந்த வரம்பைத் தொடும் 100 கிராம் மீன் துண்டில் 20 மில்லிகிராம் இருக்கும்.

இவ்வளவு குறைவாக இருந்தும் ஒயின் ஏன் சிலரைப் படுத்துகிறது? குடலில் டிஏஓ என்ற நொதி ஹிஸ்டமினைச் சிதைக்கிறது. ஆல்கஹால் இந்த நொதியின் வேலையைத் தடுக்கிறது. அதே நேரத்தில் மூக்கில் உள்ள ரத்த நாளங்களையும் ஆல்கஹால் விரிவடையச் செய்கிறது. டிஏஓ குறைவாகச் சுரப்பவர்களுக்கும் ஏற்கனவே அலர்ஜி சளி உள்ளவர்களுக்கும் மூக்கு சட்டென்று அடைத்துக்கொள்வது இதனால்தான்.

தலைவலிக்கு 2023-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இன்னொரு விளக்கம் முன்வைத்தனர். திராட்சைத் தோலில் உள்ள குவர்செட்டின் உடலுக்குள் சென்று மாற்றமடைந்து, ஆல்கஹாலைச் சிதைக்கும் நொதி ஒன்றைத் தடுக்கிறது என்பதே அது. இதனால் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உடலில் தேங்கலாம். இது ஆய்வகச் சோதனையில் கிடைத்த முடிவு. ரெட் ஒயினைத் தோலோடு சேர்த்து நொதிக்க வைப்பதால் அதில் குவர்செட்டின் அதிகம்.

"பீர்தானே குடிச்சேன்"

பீருக்கு மாறினால் தப்பிக்கலாம் என்பதும் தவறான கணக்கு. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 41 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 13 சதவீத ஒயின் ஒரு கிளாஸில் சுமார் 15 கிராம். ஒரு பாட்டில் பீர் என்பது இரண்டரை கிளாஸ் ஒயினுக்கும் மேல். அந்தத் தலைவலிக்கு ஹிஸ்டமினைத் தேட வேண்டியதில்லை, ஆல்கஹாலே போதும்.

உண்மையான அலர்ஜி எப்படி இருக்கும்?

பீரில் உள்ள பார்லி அல்லது கோதுமைப் புரதத்துக்கும், ஒயினில் உள்ள திராட்சைப் புரதத்துக்கும் சிலருக்கு உண்மையான அலர்ஜி உண்டு. இது அரிது. ஆனால் வந்தால் மூக்கடைப்போடு நிற்காது. தோலில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல், மயக்கம் வரை போகலாம். அப்படி ஏதாவது தெரிந்தால் தூங்கினால் சரியாகிவிடும் என்று விடாமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய இன்னொரு வகை

அடையாறில் ஆஸ்துமா உள்ள 38 வயதுக்காரர் ஒருவர் இருப்பதாக எடுத்துக்கொள்வோம். ஒயின், பீர், விஸ்கி எதைக் குடித்தாலும் இரண்டு மடக்கிலேயே அவருக்கு மூக்கு அடைக்கிறது. கொஞ்ச காலமாக காபி வாசனையும் தெரிவதில்லை. ஒருமுறை முதுகுவலிக்கு ஐபுப்ரோஃபென் போட்டபோது இளைப்பு வந்தது.

வடித்தெடுத்த விஸ்கியில் ஹிஸ்டமினும் சல்ஃபைட்டும் மிகக் குறைவு. அதற்கும் மூக்கு அடைக்கிறது என்றால் அந்த இரண்டும் காரணமில்லை. ஆஸ்துமா, மூக்கில் சதை வளர்ச்சி, ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகளுக்கு ஒவ்வாமை ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் ஒரு நோய் இருக்கிறது. இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு எந்த மது குடித்தாலும் மூக்கடைப்பு வரும். இவர்களுக்கு ஆபத்து கிளாஸில் மட்டும் இல்லை. மறுநாள் தலைவலிக்குப் போடும் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் அல்லது டைக்ளோஃபெனாக் மாத்திரை கடுமையான ஆஸ்துமா தாக்குதலைக் கொண்டுவரலாம்.

எப்படித் தெரிந்துகொள்வது?

காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ அலர்ஜி மருத்துவரிடமோ போகும் முன், இதுவரை நடந்ததை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது உதவும். என்ன குடித்தார், எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் தொந்தரவு தொடங்கியது, கூட என்ன சாப்பிட்டார், அன்று என்ன மாத்திரை போட்டார் என்பதை எழுதினால் போதும். ரெட் ஒயினுக்கு மட்டும் வந்தால் ஒரு திசை. பீருக்கு மட்டும் தோல் தடித்தால் வேறு திசை. எல்லா மதுவுக்கும் மூக்கு அடைத்தால் மூன்றாவது திசை.

புரத அலர்ஜியைத் தோல் பரிசோதனையிலும் ஐஜிஇ ரத்தப் பரிசோதனையிலும் பார்க்கலாம். ஆனால் 'உணவு ஒவ்வாமை பேக்கேஜ்' என்ற பெயரில் விற்கப்படும் ஐஜிஜி பரிசோதனைகளை அலர்ஜி மருத்துவர் சங்கங்கள் பரிந்துரைப்பதில்லை.

குடிப்பதற்கு முன்பே அலர்ஜி மாத்திரையோ வலி மாத்திரையோ போட்டுக்கொள்ளும் பழக்கமும் தீர்வல்ல. பல அலர்ஜி மாத்திரைகள் மதுவோடு சேர்ந்தால் தூக்கத்தை அதிகப்படுத்தும். அதோடு வண்டி ஓட்டுவது இன்னும் ஆபத்து. மூக்கடைப்போடு இளைப்பும் வருபவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் ஒரே வழி, காரணம் தெரியும்வரை மதுவைத் தொடாமல் இருப்பதுதான்.