எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?

ஒரு ஆணும் பெண்ணும் பழகத் தொடங்கும் முதல் சில வாரங்களில், எதிரில் இருப்பவரை எடைபோட அதிகம் ஒன்றும் கிடைக்காது. பேச்சு, சர்வரிடம் நடந்துகொள்ளும் விதம், சொன்ன நேரத்துக்கு வருகிறாரா என்பது, அவ்வளவுதான். கல்யாணமான வீட்டில் ஒரு முணுமுணுப்போடு போய்விடும் நாற்பது நிமிடத் தாமதம், மூன்றாவது சந்திப்பில் ‘என்னை மதிக்கவே இல்லை’ என்ற தீர்ப்பாகிவிடுவது அதனால்தான். அந்தத் தீர்ப்பு சில நேரம் சரி. பல நேரம் தவறு. எது எப்போது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

சென்னையில் சாதாரணமாக நடக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பையன் போரூரில் இருக்கிறான். பெண் திருவான்மியூரில் ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகிறாள். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு பெசன்ட் நகர் கடற்கரை அருகே ஒரு காபிக் கடையில் சந்திப்பதாகப் பேச்சு. அவள் 5.55-க்கே வந்துவிட்டாள். அவன் வந்தது 6.40-க்கு.

அவன் போட்ட கணக்கு இது. மதியம் போனில் மேப்பைப் பார்த்தான், 45 நிமிடம் என்றது. 5.15-க்குக் கிளம்பினால் போதும் என்று முடிவு செய்து 4.45-க்குக் குளிக்கப் போனான். குளித்து, சட்டையை அயர்ன் செய்து, ஹெல்மெட்டைத் தேடி, லிஃப்டுக்குக் காத்திருந்து வண்டியை எடுக்கும்போது 5.30. ஞாயிறு மாலை கிண்டியும் அடையாறும் மதியம்போல இருக்காது; சாலையில் 55 நிமிடம் போனது. கடற்கரைப் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடப் பத்து நிமிடம், அங்கிருந்து கடைக்கு நடக்க ஐந்து நிமிடம். கூட்டிப் பாருங்கள், சரியாக 6.40. அவன் எங்கேயும் சோம்பி உட்காரவில்லை. லிஃப்ட், பார்க்கிங், நடை எல்லாவற்றுக்கும் அவன் கணக்கில் பூஜ்ஜியம் போட்டிருந்தான். மேப் சொல்வது சாலையில் ஓடும் நேரத்தை மட்டும், அதுவும் பார்த்த அந்த நிமிட நிலவரப்படி.

இந்த வகைத் தவறை டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-இல் அடையாளம் காட்டினார்கள். ஒரு வேலை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யோசிக்கும்போது, எல்லாம் ஒழுங்காக நடந்தால் எப்படியோ அந்தக் காட்சியைத்தான் மனம் ஓட்டிப் பார்க்கும். போன தடவை எவ்வளவு ஆனது என்று கேட்காது. 1994-இல் ரோஜர் பியூலரும் அவருடைய சகாக்களும் கல்லூரி மாணவர்களிடம், ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது 34 நாள். எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை நாள் என்றதற்கு 49. உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். அவநம்பிக்கையோடு போட்ட கணக்கே பற்றவில்லை! அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரிந்தது: தன் வேலைக்குக் குறைத்துக் கணக்குப் போடும் மனிதர்கள், அடுத்தவர் வேலை என்றால் அவ்வளவு நம்பிக்கையோடு சொல்வதில்லை. போரூரிலிருந்து வர எவ்வளவு நேரம் ஆகும் என்று காத்திருந்து அலுத்த அந்தப் பெண்ணைக் கேட்டால் அவனைவிடச் சரியாகச் சொல்வாள்.

ஆனால் காரணம் புரிந்துவிட்டது என்பதால் அவள் பட்ட கஷ்டம் குறைந்துவிடாது. கடற்கரைச் சாலையில் இருட்டும் நேரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணை இந்த ஊர் எப்படிப் பார்க்கும் என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியும். பக்கத்து மேசை திரும்பித் திரும்பிப் பார்க்கும். கடைப் பையன் இரண்டு தடவை வந்து ஆர்டர் கேட்பான். ஹாஸ்டல் கேட்டை ஒன்பதரைக்குப் பூட்டுவார்கள் என்றால் அவளுக்குக் கிடைக்கும் மாலையே மூன்று மணி நேரம். அதில் நாற்பது நிமிடம் போய்விட்டது. வீட்டில் ஏதோ காரணம் சொல்லிவிட்டு வந்திருந்தால் பதற்றம் இன்னும் கூடும். தாமதமாக வருபவருக்கு இவை எதுவும் தெரிவதில்லை, ஏனென்றால் அவர் வரும்போது அவள் சிரித்தபடி ‘பரவாயில்லைங்க’ என்று சொல்லிவிடுகிறாள். இந்தப் பரவாயில்லை மூன்று தடவை சேர்ந்தால் நான்காவது தடவை வெடிக்கும். அவனுக்கு அது எங்கிருந்து வந்தது என்றே புரியாது.

அதனால் இரண்டாவது முறையிலேயே பேசிவிடுவது நல்லது, சந்தித்த இடத்தில் அல்ல, மறுநாள். ‘நேத்து நாப்பது நிமிஷம் தனியா இருந்தது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. அடுத்த தடவை எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவீங்கன்னு சொல்லுங்க’ என்றால் போதும். வரும் நேரத்தைக் கேட்டால் ஆறு மணி என்று வாய் சொல்லிவிடும். கிளம்பும் நேரத்தைக் கேட்டால் உட்கார்ந்து பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும்: நடை ஐந்து, பார்க்கிங் பத்து, சாலை ஐம்பத்தைந்து, லிஃப்டும் பெட்ரோலும் பத்து. அப்படியானால் 4.40-க்குக் கதவைப் பூட்ட வேண்டும், 4.10-க்குக் குளிக்கப் போக வேண்டும். மேப்பிலேயே, இத்தனை மணிக்குப் போய்ச்சேர வேண்டும் என்று கொடுத்துப் பார்க்கலாம். பெரும்பாலும் குறைந்த நேரம், அதிக நேரம் என்று இரண்டு எண் காட்டும். பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மணிச் சந்திப்பை ஐந்தரை என்று பொய் சொல்லி வரவழைக்கும் தந்திரம் மட்டும் வேண்டாம். இரண்டு தடவை பலிக்கும். தெரிந்த பிறகு அவள் சொல்லும் எல்லா நேரத்தோடும் அரை மணியைக் கூட்டிக்கொள்வான்.

திட்டமிடுவதிலும் இதே இழுபறிதான். ஒருவர் வியாழக்கிழமையே மேசை புக் செய்து வைப்பார். இன்னொருவர் ‘அன்னிக்குப் பாத்துக்கலாம்’ என்பார். நாள், இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம் நான்கையும் முதல்நாளே முடிவு செய்துவிட்டு, நடுவில் என்ன செய்வது என்பதைத் திறந்து விடுவது இருவருக்கும் ஒத்துவரும். முதல் சில சந்திப்புகளுக்கு சினிமா டிக்கெட் எடுக்க வேண்டாம் என்பேன், படம் யாருக்காகவும் காத்திருக்காது. புத்தகக் கடை மாதிரி, காத்திருப்பவர் நிம்மதியாக நடமாடக்கூடிய இடம் நல்லது. தாமதமானாலும் முடியும் நேரம் மாறக்கூடாது. 8.45-க்கு அவள் கிளம்புவதாக இருந்தால் 8.45-க்குக் கிளம்பட்டும்; இழந்த நாற்பது நிமிடம் அவனுக்கும் சேர்த்துத்தான்.

இது கணக்குப் பிசகா, அலட்சியமா? அவன் எங்கே எல்லாம் தாமதம் என்று பாருங்கள். நண்பன் கல்யாணத்துக்கும் ரயிலுக்கும் கூட அடித்துப் பிடித்து ஓடுகிறவன் என்றால் அது அவன் சுபாவம். கவனக்குறைவுக் கோளாறு உள்ள சிலருக்கு நேரம் நகர்வதே சரியாக உறைக்காது. அதை வெளியிலிருந்து நாம் முடிவு கட்டக்கூடாது. ஆனால் ஆபீஸ் மீட்டிங்குக்கு ஐந்து நிமிடம் முன்னால் போய், உங்களைப் பார்க்க மட்டும் நாற்பது நிமிடம் கழித்து வருகிறவனுக்குக் கணக்குப் போடத் தெரியும். பேசிய பிறகு தாமதம் நாற்பதிலிருந்து பதினைந்துக்கு இறங்கினால் முயற்சி நடக்கிறது என்று அர்த்தம். ஒரேயடியாக மாறுவதை எதிர்பார்க்க முடியாது. நான் இன்னும் கூர்ந்து பார்ப்பது இடையில் வரும் மெசேஜைத்தான். ‘இப்பதான் கிளம்பறேன், ஆறே முக்கால் ஆயிடும்’ என்று ஐந்தரைக்கே சொல்கிறவரோடு எப்படியும் சமாளிக்கலாம், அவளும் ஹாஸ்டலிலிருந்து மெதுவாகக் கிளம்பிக்கொள்வாள். குளியலறை வாசலில் நின்றுகொண்டு ‘அடையாறு சிக்னல்ல இருக்கேன்’ என்று அனுப்புகிறவரிடம் கிளம்பும் நேரத்தைக் கேட்டும் பயனில்லை. அங்கே பேச வேண்டியது நேரத்தைப் பற்றி அல்ல, பொய்யைப் பற்றி.