எட்டு சதவீதம் எப்போது எட்டு சதவீதம் இல்லை?

ஒரு லட்சம் ரூபாயை ஓராண்டுக்குப் போட்டு வைக்க மூன்று வைப்புத் திட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது 8.25 சதவீதம் தருகிறது. வட்டி ஆண்டுக்கு ஒருமுறை அசலில் சேரும். இரண்டாவது 8 சதவீதம், மாதாமாதம் சேரும். மூன்றாவது 7.9 சதவீதம், தினந்தோறும் சேரும். வட்டி விகிதத்தைப் பார்ப்பவர் முதலாவதை எடுப்பார். 'தினமும் வட்டிக்கு வட்டி' என்பதில் மயங்கியவர் மூன்றாவதை எடுப்பார். கூடுதல் பணம் கிடைப்பது இரண்டாவதில்தான்.

எப்படி என்று பார்ப்போம். 8 சதவீதத்தை 12 மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதத்துக்கு 0.667 சதவீதம் வரும். முதல் மாத வட்டி 667 ரூபாய். அது அசலோடு சேர்ந்துவிடுவதால், இரண்டாம் மாதத்தில் 1,00,667 ரூபாய்க்கு வட்டி போடுகிறார்கள். கிடைப்பது 671 ரூபாய். இப்படியே ஏறி ஏறி பன்னிரண்டாம் மாதம் 717 ரூபாய் ஆகிறது. ஆண்டு முடிவில் கையில் வரும் மொத்த வட்டி 8,300 ரூபாய். விளம்பரத்தில் இருக்கும் 8 சதவீதம் பெயரளவு வட்டி. ஓராண்டில் பணம் உண்மையில் வளர்ந்த 8.30 சதவீதம்தான் பயனுறு ஆண்டு வட்டி. முதல் திட்டத்துக்கு இது 8.25 சதவீதமாகவே நிற்கிறது. மூன்றாவதற்கு 8.22 சதவீதம்தான். ஒப்பிட வேண்டியது இந்த எண்களைத்தான்.

கணினியில் எக்செல் இருந்தால் ஒரு கட்டத்தில் இதை அடித்தால் போதும்:

```
=EFFECT(8%,12)
```

12 என்பது ஆண்டில் எத்தனை முறை வட்டி அசலில் சேர்கிறது என்பது. தினமும் சேர்வதென்றால் 365, காலாண்டுக்கு ஒருமுறை என்றால் 4. நம் ஊர் வங்கிகளின் எஃப்.டி.க்களில் பெரும்பாலும் இந்த 4தான் பொருந்தும்.

தினமும் சேரும் வட்டி ஏன் அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை? அதே 8 சதவீதம் ஆண்டுக்கொருமுறை சேர்ந்தால் வட்டி 8,000 ரூபாய். மாதாமாதம் சேர்ந்தால் 8,300. தினமும் சேர்ந்தால் 8,328. ஆண்டிலிருந்து மாதத்துக்கு வரும்போது 300 ரூபாய் கூடியது; மாதத்திலிருந்து நாளுக்கு வரும்போது கூடியது வெறும் 28 ரூபாய். முதல் மாத வட்டியான 667 ரூபாய், ஆண்டு முறையில் மீதி 11 மாதமும் சும்மா கிடக்கிறது. மாத முறையில் உடனே வேலைக்குப் போய்விடுகிறது. தின முறை மிச்சப்படுத்துவது அதிகபட்சம் ஒரு மாதக் காத்திருப்பை மட்டுமே, அதுவும் ஒரு சிறு தொகைக்கு. நொடிக்கு நொடி சேர்த்தாலும் 8,329 ரூபாயைத் தாண்டாது. ஆகவே 'தினமும்' என்ற சொல்லுக்காக வட்டி விகிதத்தில் பத்தில் ஒரு பங்கு சதவீதத்தை விட்டுக்கொடுப்பது நஷ்டமே.

அந்தச் சொல்லில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2010 ஏப்ரல் முதல் சேமிப்புக் கணக்குகளுக்கு அன்றாட இருப்பின் மேல் வட்டி கணக்கிடப்படுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அப்படிக் கணக்கிட்ட வட்டி அன்றே அசலில் சேர்வதில்லை. பல வங்கிகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரவு வைக்கிறார்கள். பயனுறு வட்டியை முடிவு செய்வது வரவு வைக்கும் நாள்தான், கணக்கிடும் நாள் அல்ல. அதேபோல, மாத வட்டியைக் கையில் வாங்கிச் செலவு செய்பவருக்குக் கூட்டு வட்டியே கிடையாது.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது 'ஈல்டு' என்று துண்டுப் பிரசுரங்களில் போடும் எண். 7 சதவீதம், காலாண்டுக் கூட்டு வட்டி, ஐந்தாண்டு எஃப்.டி. ஒரு லட்சம் 1,41,478 ரூபாய் ஆகும். வட்டி 41,478 ரூபாயை ஐந்தால் வகுத்து, 'ஆண்டு ஈல்டு 8.30 சதவீதம்' என்று போட்டுவிடலாம். ஐந்தாண்டுகளில் சேர்ந்த வட்டிக்கு வட்டியையும் கூட்டி நேராக வகுத்ததால் வந்த எண் அது. அதே வைப்பைப் பத்தாண்டுக்கு நீட்டினால் 10 சதவீதத்தையே தொட்டுவிடும். பணம் வளரும் வேகமோ கொஞ்சமும் மாறியிருக்காது. உண்மையான வேகத்தை முதிர்வுத் தொகையிலிருந்தே கண்டுபிடிக்கலாம்:

```
=(141478/100000)^(1/5)-1
```

விடை 7.19 சதவீதம். பக்கத்துத் தெரு வங்கி, ஈல்டு எதுவும் போடாமல், அதே காலாண்டு முறையில் 7.25 சதவீதம் என்று மட்டும் எழுதி வைத்திருந்தால், அதன் பயனுறு வட்டி 7.45 சதவீதம். 8.30ஐப் பார்த்து முன்னதில் போட்டவருக்கு ஐந்தாண்டு முடிவில் லட்சத்துக்கு 1,748 ரூபாய் குறைவாகக் கிடைக்கும்.